ஒரு கிலோ பன்னீர், ஐந்து சமையல்

இந்த எபிசோடில் ஒரு கிலோ பன்னீர் பாக்கெட்டை வைத்து, மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு வாரம் எப்படி ஓட்டலாம்னு பார்ப்போம்.

பரங்கிப்பேட்டையில இருந்து சிதம்பரமோ கடலூரோ போறப்பதான் பெரிய பாக்கெட்டா வாங்கிட்டு வருவோம். சிக்கல் என்னன்னா, கவரைப் பிரிச்சதும் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதனால முதல் நாளே 200 கிராம் வீதம் ஐந்தாகப் பிரிச்சிடுங்க. மூன்று பங்கு ஃப்ரிட்ஜுக்கு, இரண்டு பங்கு ஃப்ரீசருக்கு.

ஃப்ரிட்ஜில் வைக்கிறதை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுசா மூழ்கற மாதிரி மூடி வையுங்க. தண்ணீரைத் தினமும் மாத்தணும். டோஃபுவுக்கும் இதே முறைதான்.

இனி எந்த நாளுக்கு எந்தச் சமையல்? ஞாயிறு பன்னீர் புதுசா, மெத்துன்னு இருக்கும். பெரிய துண்டா வெட்டி மிளகு வறுவல் பண்ணலாம். திங்கள் தேங்காய் அரைச்சு பட்டாணிக் குருமா. செவ்வாய் துண்டுகளை லேசா வதக்கி, முட்டைகோஸ், குடைமிளகாயோட நூடுல்ஸில் சேர்த்துடலாம். புதன்கிழமை நம்ம ஊர் மீனுக்கு விட்டுடுங்க.

வியாழன், சனிக்கிழமைக்குத்தான் ஃப்ரீசர் பங்கு. உறையும்போது பன்னீருக்குள்ள இருக்கிற தண்ணீர் ஐஸ் ஆகி உள்ளே சின்னச் சின்னத் துளைகளை உண்டாக்கிடும். உருகினதும் பன்னீர் பஞ்சு மாதிரி ஆகி, எளிதா உதிரும். வறுவலுக்கு அது சரிவராது. ஆனா குழம்பை நல்லா உறிஞ்சும். அதனால வியாழக்கிழமை பரோட்டாவுக்குச் சால்னா. சனிக்கிழமை, உதிர்கிற அதே குணம்தான் வசதி: நம்ம கடலோரத்துச் சுறாப்புட்டு செய்யற மாதிரியே வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள்தூள் வதக்கி, உதிர்த்த பன்னீரைப் போட்டுக் கிளறுங்க.

முந்தின நாள் இரவே ஃப்ரீசரில் இருந்து கீழ்த்தட்டுக்கு மாத்திடணும். வெளியே வைத்து உருக்காதீங்க. உருகினதும் லேசா பிழிஞ்சு தண்ணீரை எடுத்துடுங்க. இல்லேன்னா எண்ணெயில் போட்டதும் தெறிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போறது நமக்குத் தெரிஞ்ச கதைதான். திறக்காம வைத்தா ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். அதுக்கு மேல போனா கீழ்த்தட்டுப் பன்னீரை நம்பாதீங்க. ஃப்ரீசர் பங்கில் இன்னும் ஐஸ் துகள் இருந்தா அன்னைக்கே சமைச்சிடுங்க.

தொட்டா வழவழன்னு இருந்தாலோ, புளிச்ச வாடை வந்தாலோ, மூழ்கியிருக்கிற தண்ணீர் பால் மாதிரி கலங்கினாலோ, ருசி பார்க்காமக் கொட்டிடுங்க. 200 கிராமாப் பிரிச்சு வைத்ததால, போறதும் அந்த ஒரு பங்குதான்.