ஒரே மலை, மூன்று காடு

மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைக்குப் போகும் பேருந்தில் ஏறினால், 60 கிலோமீட்டருக்குள் காடு உருமாறிவிடும்.

மேலே இரவிகுளம். குளிர்காலத்தில் அங்கே உறைபனி விழும். திறந்த சரிவுகளில் மரக்கன்று முளைத்தால் கருகிவிடும். அதனால் சரிவெல்லாம் புல். மரங்கள் பள்ளங்களில் மட்டும் குட்டையாக நெருங்கி நிற்கும். அதுதான் சோலை. புல்லை மேயும் வரையாட்டின் குளம்பு வழுக்குப் பாறையிலும் பிடித்துக்கொள்ளும்.

கீழே சின்னார். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்டு இறங்குகிறது. சின்னாருக்கு ஆண்டில் சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதனால் முள்மரமும் புதரும் கள்ளியும். நட்சத்திர ஆமை வெயில் நேரத்தில் புதருக்குள் பதுங்கி, மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகும். ஆனால் ஆற்றோரம் மட்டும் மருத மரங்கள் உயர்ந்து, கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். சாம்பல் மலை அணில் அந்தக் கிளைகளில்தான் கூடு கட்டும். அந்த மரவரிசையை வெட்டினால் அணிலுக்குப் பாதையே இல்லை.

மூன்றாவது காடு இந்தப் பேருந்துப் பாதையில் இல்லை; ஆனால் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. நன்றாக மழை பெறும் பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கு வேறு கதை. உயர்ந்த மரம், நடுமரம், செடி என அடுக்கடுக்கான பசுமைக்காடு. சிங்கவால் குரங்கு வெடிப்பலாவைத் தின்றபடி பெரும்பாலும் மேலடுக்கிலேயே வாழும்.

பிள்ளைகளே, அந்தப் பேருந்தில் ஏறினால் ஜன்னலோரம் உட்காருங்கள். மரங்களின் உயரம் எந்த வளைவில் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.