ஓய்வுபெறுவோர்க்கு எழுதும் இறுதி மதிப்பீட்டுரை: சொல்லும் சான்றும்



நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெறவிருக்கும் ஒருவரைப் பற்றி அலுவலகக் கோப்பில் இடம்பெறும் இறுதி மதிப்பீட்டுச் சுருக்கத்தை எவ்வாறு எழுதுவது என்பதே இன்றைய உரையின் பொருள். ஆசிரியராகிய நீங்கள் ஒருநாள் துறைத்தலைவராகவோ பள்ளித் துணைமுதல்வராகவோ அமர்ந்து இதனை எழுத நேரும். மாணவர்களுக்கோ இது தமிழின் இடைச்சொற்கள் நடைமுறையில் எத்துணைப் பொறுப்பைச் சுமக்கின்றன என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பிரிவுபசார விழாவில் வாசிக்கப்படும் வாழ்த்துமடல் வேறு, இம்மதிப்பீட்டுரை வேறு. வாழ்த்துமடலைக் கேட்போர் அன்றே கலைந்து செல்வர். மதிப்பீட்டுரையையோ பின்னர் அப்பணியை ஏற்பவர் படிப்பார், நிருவாகம் படிக்கும், எழுதப்பட்டவரும் படிப்பார். சிங்கப்பூரில் ஓய்வு வயதை எட்டியவர் மறுவேலைவாய்ப்புப் பெறுவதற்குப் பணித்திறன் நிறைவாக இருத்தல் சட்டம் கூறும் நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே, இவ்வுரையில் உண்மை குறைந்தாலும் மிகைப்பட்டாலும் ஒருவர்க்கு இழப்பு உண்டு.

நாம் ஒரு கல்விக்கழகத்தின் மொழித்துறையில் பணியாற்றியபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். துறை நூலகத்தில் 29 ஆண்டுகள் உதவியாளராக இருந்த அம்மையார் ஒருவர் ஓய்வுபெறவிருந்தார். அவர் பற்றிய உரையை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நாம் முதலில் எழுதியது இது: 'அம்மையார் கடமையுணர்வோடும் அர்ப்பணிப்போடும் நூலகத்தின் வளர்ச்சிக்கு அரும்பணி ஆற்றினார்.'

எழுதியபின் ஒரு சோதனை செய்தோம். 'நூலகம்' என்ற சொல்லை நீக்கி 'உணவகம்' என்று இட்டோம். தொடர் சிறிதும் குலையாமல் நின்றது. யாருக்கும் எவ்விடத்தும் பொருந்தும் தொடர் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போது விளங்கிற்று. 'ஆற்றினார்' என்னும் வினைக்குச் செயப்படுபொருளாக நிற்பது 'அரும்பணி'. அது எந்தப் பணி என்பது தொடரில் எங்குமில்லை.

ஆகவே ஆண்டறிக்கைகளை எடுத்து மூன்று வினாக்களைக் கேட்டோம். அவர் வருமுன் நிலை என்ன? அவர் செய்தது என்ன? அவர் சென்றபின் எஞ்சுவது என்ன? அவருடைய பணிக்காலத்தை அட்டைப்பட்டியல் இருந்த 11 ஆண்டுகள், கணினிக்கு மாறிய 3 ஆண்டுகள், அதன்பின் 15 ஆண்டுகள் எனப் பகுத்துக்கொண்டோம். இவ்வாறு பகுக்காவிடின் கடைசி ஓரிரு ஆண்டுகளே நினைவில் நின்று முழுப் பணிக்காலத்தையும் மறைத்துவிடும். அம்மையார் இறுதியாண்டில் நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தவர். அதனை மட்டும் நினைந்து எழுதியிருந்தால் பெரும்பிழை ஆகியிருக்கும்.

அறிக்கைகளில் ஒரு செய்தி தெளிவாயிற்று. தமிழாசிரியர்களின் பெயர்கள் பட்டியலில் சிதறிக் கிடந்தன. ஒருவரே சில அட்டைகளில் முன்னெழுத்தின்கீழும் சிலவற்றில் இயற்பெயரின்கீழும் வேறு சிலவற்றில் புனைபெயரின்கீழும் இருந்தார். ஒருவரின் நூல்களைத் தேடும் மாணவர் மூன்று இழுப்பறைகளைத் திறக்க வேண்டியிருந்தது. அம்மையார் 412 ஆசிரியர்களுக்கு நிலைப்பெயர் ஒன்றை வரையறுத்து, ஏனைய வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் பட்டியலை அமைத்தார். கணினிப் பட்டியலும் அதனையே பின்பற்றியது. இதுவே எஞ்சி நிற்பது.

குறை ஒன்றும் இருந்தது. 18 மாதத்தில் முடியவேண்டிய கணினி மாற்றம் 36 மாதம் நீண்டது. 'கணினி மாற்றத்திற்கு இயன்றவரை ஒத்துழைத்தார்' என்று நாம் எழுதினோம். மென்மையாக எழுதிவிட்டதாகவே எண்ணினோம். ஆனால், 'இயன்றவரை' என்பது புகழ்ச்சி போலத் தோன்றி இயலாமையைக் குறிப்பால் உணர்த்தும் சொல். 'முயன்றார்' என்பதும் அத்தகையதே. முடித்தவரை எவரும் 'முயன்றார்' என்பதில்லை. இத்தகைய சொல்லால் குறைகூறினால், குற்றம் சாட்டப்பட்டவர்க்கு மறுமொழி கூறவும் இடமிராது. குறை இருப்பின் அளவோடும் காரணத்தோடும் வெளிப்படையாக எழுதுதலே நேர்மை.

வரைவை அம்மையாரிடம் காட்டினோம். அவர் இரண்டு திருத்தங்கள் சொன்னார்.

முதலாவது, நமக்கு வியப்பளித்தது. பெயர்ப்பட்டியலை 'அவரே உருவாக்கினார்' என்று எழுதியிருந்தோம். "ஐயா, அந்த 'ஏ'யை எடுத்துவிடுங்கள். எனக்கு முன்னிருந்தவர் 60 பெயர்கள் எழுதி வைத்திருந்தார். அதைத்தான் நான் தொடர்ந்தேன்" என்றார். பிரிநிலை ஏகாரம் பிறரை விலக்குகிறது. 'அவரும்' என்று எழுதினால் எச்சவும்மை பலருள் ஒருவராக்கி அவர் பங்கைச் சுருக்கிவிடும். இரண்டும் உண்மையன்று. தொடங்கியவர் ஒருவர், விரித்து முடித்தவர் இவர் என்று வினைகளைப் பிரித்து எழுதுவதே வழி. 'பட்டியல் உருவாக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுதித் தப்பிக்கவும் இயலாது. செய்தவர் இருவரும் மறைந்துபோவர்.

இரண்டாவது, தாமதம் பற்றியது. "அதை நீக்க வேண்டா, ஐயா. காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார். கோப்புகளைப் பார்த்தோம். முதல் 6 மாதம் அவர் கணினியை நம்பாமல் அட்டைகளையும் இணையாக எழுதிவந்தது உண்மை. எஞ்சிய 12 மாதத் தாமதம் அவரால் நேர்ந்ததன்று. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்ற முறைகளைப் பின்பற்றின. ஒன்றில் தட்டச்சுச் செய்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. எழுத்துருவை இடையில் மாற்றும் முடிவைத் துறை எடுத்தது. அதனால் 3,200 பதிவுகளை அவர் மீண்டும் தட்டச்சுச் செய்ய நேர்ந்தது. அந்த முடிவில் நமக்கும் பங்கு உண்டு. வரைவைக் காட்டாதிருந்தால், நம் துறையின் பிழை அவர் பெயரில் கோப்பில் நிலைத்திருக்கும்.

இறுதியாக எழுதியது இது:

'துறை நூலகத்தில் 29 ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றினார். முன்னிருந்தவர் 60 பெயர்களுடன் தொடங்கிய ஆசிரியர் நிலைப்பெயர்ப் பட்டியலை 412 பெயர்களாக விரித்து முடித்தார். அது இன்றும் பயன்படுகிறது. கணினி மாற்றம் திட்டமிட்டதைவிட 18 மாதம் நீண்டது. அதில் 6 மாதம் அட்டைகளை இணையாகத் தொடர்ந்த அவருடைய முடிவால் நேர்ந்தது. 12 மாதம் துறை எழுத்துருவை மாற்றியதால் நேர்ந்தது. மீள்தட்டச்சு முழுவதையும் அவர் செய்து முடித்தார். புனைபெயர்கள் பற்றி அவர் அறிந்தவை அனைத்தும் இன்னும் எழுத்தில் இல்லை. ஓய்வுக்கு முன் அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.'

இதில் 'அரும்பணி' இல்லை, 'அர்ப்பணிப்பு' இல்லை. அம்மையார் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார். கடைசித் தொடரின்படி ஆறு பிற்பகல்கள் நாம் அவரோடு அமர்ந்து புனைபெயர்களைக் கேட்டு எழுதினோம்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.