அரை மணி நேரம் முன்னாடி கடை திறந்தா வருஷத்துக்கு எவ்வளவு உழைப்பு கூடும்?

இந்த வாரம் கணக்கு ரொம்பச் சின்னது. மூணு எண்ணைப் பெருக்கினா விடை வந்துடும். ஆனா அந்த விடையை வெச்சு ரெண்டு பேரோட சம்பளத்தை முடிவு பண்ணணும்னு வரும்போது, அதே கணக்குக்குள்ள நிறைய விஷயம் ஒளிஞ்சிருக்கு. அதைத்தான் பேசப் போறோம்.

என் கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் திருப்பூர்ல குடும்பத்தோட பேக்கரியைப் பார்த்துக்கறான். பேக்கரின்னா நம்ம ஊர் அர்த்தத்துல: டீ, பன், பப்ஸ், காலையில நின்னுக்கிட்டே சாப்பிடற கூட்டம். காலை 6:30க்குத் திறக்கற கடை. பனியன் கம்பெனி வேன்கள் 6 மணியிலிருந்தே அந்த வழியா ஆளை ஏத்த ஆரம்பிச்சிடுது, அதனால 6 மணிக்கே திறக்கலாம்னு யோசிக்கறான். காலையில ரெண்டு பேர்: டீ மாஸ்டர் ஒருத்தர், கவுண்ட்டர்ல ஒருத்தர். மாஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: "தினமும் அரை மணி நேரம் கூட வரணும்னா, அதுக்கு என்னங்க கணக்கு?"

நண்பன் லேப்டாப்பைத் திறந்து எக்செல்ல போட்டுப் பார்த்திருக்கான். வந்த விடை 5:00. எனக்கு போன் பண்ணி, "மச்சான், வருஷத்துக்கே அஞ்சு மணி நேரம்தான் கூடுதாம், இதுக்குப் போய் சம்பளம் ஏத்தச் சொல்றாங்க"ன்னான்.

கையால போட்டுப் பார்ப்போம். அரை மணி நேரம், ரெண்டு பேர். அப்போ ஒரு நாளைக்கு ஒரு மணி நேர உழைப்பு. கடை வருஷத்துல 365 நாளும் திறந்தா 365 மணி நேரம். அவ்வளவுதான். இந்தக் கேள்வியில மட்டும் அரையும் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடறதால, கடை எத்தனை நாள் திறக்குதோ அத்தனை மணி நேரம்னு மனசுலயே சொல்லிடலாம். தீபாவளி, பொங்கல்னு அஞ்சு நாள் மூடினா 360.

அப்புறம் எக்செல்ல ஏன் 5:00 வந்தது? அவன் A1 செல்ல 0:30ன்னு நேரமா அடிச்சிருக்கான். கீழ இப்படிப் போட்டிருக்கான்:

```
=A1*2*365
```

எக்செல் நேரத்தை மணியா வெச்சுக்கறதில்ல, ஒரு நாளோட பங்கா வெச்சுக்கும். 0:30ன்னா ஒரு நாள்ல 48ல ஒரு பங்கு. அதை ரெண்டாலயும் 365ஆலயும் பெருக்கினா 15.20833 வரும். அதாவது 15 நாளும் 5 மணி நேரமும். செல்லோட ஃபார்மேட் `h:mm`னு இருந்தா, முழு நாட்களை மறைச்சிட்டு மிச்சம் இருக்கற 5:00ஐ மட்டும்தான் காட்டும். ஃபார்மேட்டை `[h]:mm`னு மாத்தினா 365:00ன்னு சரியா வரும். இல்லன்னா இப்படிப் போடலாம்:

```
=A1*24*2*365
```

இதுக்கு ஃபார்மேட் சாதாரண எண்ணா இருக்கணும், அப்போ 365 வரும். இன்னொரு வழியிலயும் இது தப்பாகும். முப்பது நிமிஷம்னு நினைச்சு 0.30ன்னு அடிக்கறவங்க இருக்காங்க. அரை மணி நேரம் 0.5. அதை 0.30ன்னு போட்டா 219 வரும். 5ஐப் பார்த்தா எங்கயோ இடிக்குதேன்னு தோணும். 219 அப்படி இல்ல, பார்க்க நியாயமான எண் மாதிரியே உட்கார்ந்திருக்கும். அதனால முதல்ல வாய்க்கணக்கு, அப்புறம் எக்செல்.

சரி, 365 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட்டால வகுத்தா 45 நாளுக்கு மேல வருது. ஒரு ஆளோட ஒன்றரை மாச வேலைக்கும் அதிகம். "அரை மணி நேரம்தானே"ன்னு சொல்றப்போ இது கண்ணுக்குத் தெரியறதில்ல.

அப்போ ஆளுக்குப் பாதி, 182.5 மணி நேரமான்னு கேட்டா, இல்ல. கடை வாரம் ஏழு நாளும் திறக்குது, ஆனா ஆளுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு. மாஸ்டர் வருஷத்துல வர்றது 313 நாள். அவருக்குக் கூடறது 156.5 மணி நேரம், கிட்டத்தட்ட 20 ஷிஃப்ட். கவுண்ட்டர்ல நிக்கறவருக்கும் அதே. ரெண்டையும் கூட்டினா 313. மிச்சம் 52 மணி நேரம் எங்கே? இவங்க லீவு எடுக்கற நாள்ல வர்ற மாத்து ஆள் தலையில இருக்கு. அவரும் சீக்கிரம் வரணும், அவருக்கும் காசு கொடுக்கணும். நண்பன் ரெண்டு பேர்கிட்ட மட்டும் பேசிட்டு மூணாவது ஆளை மறந்தே போயிருந்தான்.

அடுத்து, இது எந்த மாதிரி மணி நேரம்? காலை ஷிஃப்ட் 6 மணியிலிருந்து மதியம் 3 வரைக்கும், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஆக எட்டு மணி நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 படி ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 48. அதைத் தாண்டினா ஓவர்டைம், சம்பளம் ரெண்டு மடங்கு. ஓவர்டைமோட சேர்த்து நாளைக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக்கூடாது. இங்க நாளைக்கு 8.5, வாரத்துக்கு 51. வரம்புக்குள்ளதான் இருக்கு. ஆனா கூடற ஒவ்வொரு நிமிஷமும் ஓவர்டைம். இவங்க இப்போ ஏழரை மணி நேரம்தான் வேலை பார்க்கறாங்கன்னா கதை வேற, அந்த அரை மணி நேரம் சாதாரண சம்பளத்துக்குள்ள வந்திருக்கும்.

காசா பார்த்தா, ஒரு உதாரணத்துக்கு மாசம் 15,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். 26 நாள், எட்டு மணி நேரம்னு வகுத்தா மணிக்கு சுமார் 72 ரூபாய். ரெண்டு மடங்குன்னா 144. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதுன்னா தினமும் 144 ரூபாய், வருஷத்துக்கு 52,560. ஒரு டீயில செலவெல்லாம் போக 6 ரூபாய் நிக்குதுன்னா, அந்த அரை மணி நேரத்துல 24 டீ விக்கணும், அப்பதான் கூலியாவது தேறும். அதுவும் புது 24 டீயா இருக்கணும். 6:40க்கு வந்து குடிச்சவர் 6:10க்கு வந்து குடிச்சா அது கணக்குல சேராது.

கடை 6 மணிக்குத் திறந்தா ஆள் எப்போ வரணும்னு நண்பனுக்கு ஒரு பயம் இருந்தது. அடுப்பு பத்த வெச்சு, பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதையும் சேர்த்தா ஒரு மணி நேரம் ஆகுதேன்னான். ஆகாது. இப்பவும் 6:30 கடைக்கு 6 மணிக்கே வந்து அந்த வேலையைச் செய்யறாங்க. அது 5:30க்கு நகருது, அவ்வளவுதான், கூடலை. ஆனா பால் வண்டி 5:30க்குள்ள வரணும். அது 5:50க்கு வந்தா, ஆள் வந்து உட்கார்ந்திருப்பாங்க, கூலி ஓடும், டீ மட்டும் 6:20க்குத்தான் கிடைக்கும்.

இடைவேளையும் நகரும். நாலு மணி நேரத்துக்கு மேல வேலை பார்க்கணும்னா அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இடைவேளை கொடுத்தாகணும். 6 மணிக்கு வந்தவருக்கு 10 மணி வரை நேரம் இருந்தது. 5:30க்கு வந்தா 9:30க்குள்ள விடணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போக முடியாது, அப்போ ஒருத்தர் 8:30க்கே கிளம்பணும். அந்தக் கடையில அதுதான் உச்சக் கூட்டம்.

இவ்வளவும் பேசினதுக்கு அப்புறம் நான் அவன்கிட்ட ஷிஃப்ட் அட்டவணையைக் கேட்டேன். மதிய ஷிஃப்ட் ஆட்கள் 2 மணிக்கு வர்றாங்க, காலை ஆட்கள் 3 மணிக்குப் போறாங்க. நடுவுல ஒரு மணி நேரம் நாலு பேரும் கடையில இருக்காங்க. மதியம் ரெண்டு மணிக்கு டீக்கடைக் கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துல என்னடா நடக்குதுன்னு கேட்டா, கல்லா எண்ணி ஒப்படைக்கறது, டிரே கழுவறது, மிச்சம் போன்ல ரீல்ஸ்.

365ங்கறது காலையில முன்னாடி வந்து, மதியம் அதே 3 மணிக்குக் கிளம்பினாத்தான். 5:30க்கு வந்து 2:30க்குக் கிளம்பிட்டா கூடற உழைப்பு பூஜ்யம். ஷிஃப்ட் நகர்ந்திருக்கு, நீளலை. ஓவர்டைமும் இல்ல. பல கடைகள்ல இப்படி ஒரு இடைவெளி கிடைக்காது. அங்க காலை ஆளை முன்னாடி அனுப்பினா மதிய ஆள் முன்னாடி வரணும், அந்த ஒரு மணி நேரம் வேற தலைக்கு மாறும், குறையாது. இவனுக்கு அமைஞ்சது அதிர்ஷ்டம்னுதான் சொல்வேன்.

இதுலயும் மாஸ்டர்கிட்ட கேட்காம முடிவு பண்ணக்கூடாதுன்னு சொன்னேன். 5:30க்கு வரணும்னா டவுன் பஸ் இருக்கான்னு பார்க்கணும். இல்லன்னா பெட்ரோல் காசு யார் கொடுக்கறதுன்னு ஒரு கேள்வி இருக்கு. கேட்டிருக்கான். மாஸ்டர்கிட்ட வண்டி இருக்கு, 2:30க்குக் கிளம்பறது அவருக்கு வசதிதான்னு சொல்லியிருக்கார். கவுண்ட்டர்ல இருக்கறவர் பஸ்ல வர்றவர். மாஸ்டர் வர்ற வழியில அவரை ஏத்திக்கறதா பேசி, பெட்ரோலுக்கு மாசம் ஒரு தொகைன்னு முடிவாகியிருக்கு. ஞாயித்துக்கிழமை கம்பெனி வேன் ஓடாது, அன்னைக்குப் பழையபடி 6:30தான்.

இப்போ ஒரு மாசம் சோதனை ஓட்டம். கல்லா பக்கத்துல ஒரு நோட்டு இருக்கு. காலை 6லிருந்து 6:30 வரைக்கும் எத்தனை டீ, அதே நாள் 6:30லிருந்து 7:30 வரைக்கும் எத்தனை டீன்னு ரெண்டு பத்தி. ரெண்டாவது பத்தியோட பழைய எண்ணிக்கையும் வேணுமேன்னு கேட்டேன். நேரம் மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கவுண்ட்டர்காரர் எழுதி வெச்சிருக்காராம். நோட்டு வந்ததும் இங்க பேசறேன்.