காசு எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்?



கணக்கு என்றாலே தலையிடிக்கிறது என்று சொல்லுகிற நேயர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. நானும் ஊரில் ஓ.எல். கணிதத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன்தான். ஆனபடியால் பயப்படாமல் கேளுங்கள்.

முதலில் என்னுடைய கதை. வீட்டு முற்பணத்துக்கென்று நானும் மனைவியும் இரவு வேலையும் சீட்டுமாகச் சேர்த்த 40,000 டொலரை 2008 ஜூன் மாதம் ஒரு மியூச்சுவல் பண்டில் போட்டோம். அடுத்த வருடம் வீடு வாங்குவதாக எண்ணம். ஆலோசகர் இரண்டு விசயம் சொன்னார். ஒன்று, இது நடுத்தர ஆபத்து உள்ள பண்ட். மற்றது, இதன் பீட்டா 0.8, அதனால் சந்தையைவிடக் குறைவாகத்தான் விழும். 2009 மார்ச்சில் பார்த்தால் கணக்கில் 24,600 டொலர் இருந்தது. "இஞ்சேருங்கோ, மிச்சத்தையாவது எடுப்பம்" என்றா மனைவி. எடுத்தோம். அதற்குப் பிறகுதான் சந்தை ஏறத் தொடங்கியது.

கனகாலம் அந்த ஆலோசகரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஆறுதலாக இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது, அவர் சொன்ன இரண்டும் பொய் இல்லை. அந்தச் சொற்களின் அர்த்தம் எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நடுத்தர ஆபத்து என்ற சொல் எங்கிருந்து வருகிறது? நியம விலகல் என்ற ஓர் எண்ணில் இருந்து. ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்ட் டிவியேஷன் என்பார்கள். ஸ்காபரோவில் பஸ்சுக்கு நின்றவர்களுக்கு இது தெரிந்த விசயம்தான். ஒரு வழித்தடத்தில் 9 நிமிடத்துக்கும் 11 நிமிடத்துக்கும் இடையில் ஒழுங்காக பஸ் வரும். இன்னொன்றில் ஒரே நேரத்தில் இரண்டு வரும், பிறகு 20 நிமிடத்துக்கு ஒன்றுமே வராது. இரண்டுக்கும் சராசரி 10 நிமிடம்தான். ஆனால் வேலைக்குப் போகிறவன் எதை நம்பி வீட்டால் வெளிக்கிடுவான்? சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் அங்குமிங்கும் ஆடுகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் நியம விலகல். எண் பெரிதென்றால் ஆட்டம் பெரிது.

கனடாவில் பண்ட் வாங்கும்போது பண்ட் பாக்ட்ஸ் என்றொரு தாள் தருவார்கள். அதில் ஆபத்து ஐந்து படியாகப் போடப்பட்டிருக்கும். 2017 முதல் அந்தப் படி பண்டின் 10 வருட நியம விலகலைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. 6 வீதத்துக்குக் கீழே என்றால் குறைந்த ஆபத்து. 11 இலிருந்து 16 வரை நடுத்தரம். 20 உம் அதற்கு மேலும் உயர்ந்த ஆபத்து. இடையில் இன்னும் இரண்டு படி உண்டு.

இந்த எண்ணுக்கு ஒரு குறை இருக்கிறது. நல்ல வருடமும் கெட்ட வருடமும் எந்த வரிசையில் வந்தன என்பது இதற்குத் தெரியாது. ஒரு பண்ட் ஐந்து வருடத்தில் 22 வீதம் ஏறி, 10 இறங்கி, 14 ஏறி, 6 இறங்கி, 10 ஏறியது என்று வையுங்கள். நீங்கள் போட்ட 10,000 டொலர் ஏறத்தாழ 12,940 ஆகும். வழியில் ஆகப் பெரிய இறக்கம் 10 வீதம். இப்போது அதே ஐந்து எண்களைச் சீட்டுக்கட்டுப்போல மாற்றி அடுக்குங்கள். முதலில் 22, 14, 10 என்று மூன்று ஏற்றம், பிறகு 6, 10 என்று இரண்டு இறக்கம். கடைசியில் அதே 12,940 தான். நியம விலகலும் அதேதான், ஒரு புள்ளிகூட மாறாது. ஆனால் மூன்றாம் வருட முடிவில் உங்கள் கணக்கில் 15,300 டொலர் இருந்தது. அதில் இருந்து 15 வீதத்துக்கு மேல் போய்விட்டது. வீட்டில் யார் நித்திரை கொள்வார்கள்?

உச்சியில் இருந்து அடிமட்டம் வரை விழுந்த இந்த ஆழத்தைத்தான் ட்ரோடவுன் என்கிறார்கள். அதற்கு வருவதற்கு முன்னர் பீட்டாவை முடித்துவிடுகிறேன்.

பீட்டா ஒப்பிட்டுச் சொல்லுகிற எண். சந்தை 10 வீதம் அசைந்தால் பீட்டா 1 உள்ளது சாதாரணமாக 10 அசையும், 0.8 உள்ளது 8 அசையும். ரொறன்ரோ பங்குச்சந்தைச் சுட்டெண் 2008 ஜூனில் 15,073 இல் இருந்து, 2009 மார்ச் 9 ஆம் திகதி 7,567 க்கு வந்தது. அதாவது 50 வீத வீழ்ச்சி. 50 இல் 0.8 பங்கு 40. என்னுடைய பண்ட் விழுந்தது 38.5 வீதம். பீட்டா சொன்னபடிதான் நடந்தது! 'குறைவாக விழும்' என்றதைக் கேட்டுத் தலையாட்டினேனே ஒழிய, எதைவிடக் குறைவு, அது எவ்வளவு விழக்கூடும் என்று நான் கேட்கவில்லை.

பீட்டா எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். 2000 ஆம் ஆண்டில் நோர்ட்டெல் என்ற ஒரே கம்பனி ரொறன்ரோச் சுட்டெண்ணின் பெறுமதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பிடித்திருந்தது. எங்கட ஆக்களிலும் அதில் காசு போட்டவர்கள் உண்டு. அந்நேரம் சந்தை அசைகிறது என்றால் பெரும்பாலும் நோர்ட்டெல் அசைகிறது என்றே அர்த்தம். அதனோடு சேர்ந்து ஆடாத வங்கிப் பங்குகளுக்கெல்லாம் பீட்டா மிகச் சிறிதாக வந்தது. வங்கிகளின் தொழில் மாறவில்லை, அளவுகோல்தான் கோணிக்கிடந்தது. அந்த நோர்ட்டெல் பங்கு 2000 ஜூலையில் 124 டொலர் வரை போய், 2002 இல் ஒரு டொலருக்கும் கீழே வந்தது. 2009 இல் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

இனி ட்ரோடவுன். மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதற்குக் கணக்கே தேவையில்லை. இருந்தது எவ்வளவு, ஆகக் குறைந்து நின்றது எவ்வளவு, திரும்பிவர எத்தனை மாதம் எடுத்தது? இதில் ஆட்களை ஏமாற்றுவது ஒரு சங்கதிதான். விழுந்த வீதமும் ஏறவேண்டிய வீதமும் ஒன்றல்ல. 40,000 டொலர் 24,600 ஆவதற்கு 38.5 வீத இறக்கம் போதும். 24,600 திரும்ப 40,000 ஆவதற்கு 63 வீதம் ஏறவேண்டும். பாதியாக விழுந்தது இரண்டு மடங்காக வேண்டும். ரொறன்ரோச் சுட்டெண் 2008 இன் உச்சியைத் திரும்பத் தொட்டது 2014 ஜூனில். ஆறு வருடம். பங்கிலாபத்தைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் முந்தி வந்திருக்கும், ஆனாலும் ஒரு வருடத்தில் வீடு வாங்க இருந்த எனக்கு அது உதவியிராது.

பண்ட் பாக்ட்ஸ் தாளில் ட்ரோடவுன் என்ற சொல்லைத் தேடவேண்டாம். அதற்குக் கிட்டவாக ஒன்று இருக்கிறது: மிக மோசமான மூன்று மாதங்களில் எவ்வளவு இறங்கியது, 1,000 டொலர் போட்டிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று. அதைப் பாருங்கள். ஆனால் அந்தத் தாள் பின்னோக்கிப் பார்ப்பது 10 வருடம் மட்டும்தான். 2008 அதிலிருந்து எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. இப்போது அதில் தெரியும் பெரிய விழுக்காடு 2020 மார்ச் மாதத்தது; அது மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்தாலும் ஒரு வருடத்துக்குள் மீண்டுவிட்டது. அதை மட்டும் பார்த்தால் எல்லா வீழ்ச்சியும் அப்படித்தான் என்று தோன்றும். ஆகவே பண்ட் பழையதென்றால் 2008, 2009 ஆண்டுகளில் அது எங்கே நின்றது என்று ஆலோசகரிடம் தனியாகக் கேளுங்கள். வீதத்தில் அல்ல, உங்கள் காசுக்கு எத்தனை டொலர் என்று கேளுங்கள்.

என் மகள் வருகிற வருடம் பல்கலைக்கழகம் போகிறாள். அவளுடைய ஆர்.ஈ.எஸ்.பி. கல்விச் சேமிப்பில் முதல் இரண்டு வருடச் செலவுக்கான காசை மெல்ல மெல்ல ஜீ.ஐ.சி. வைப்புக்கு மாற்றிவிட்டேன். வட்டி சொற்பம்தான். எங்கள் ஓய்வுகாலத்துக்கென்று போட்ட பண்ட் மட்டும் அப்படியே கிடக்கிறது. அது பாதியாக விழுந்தால் என்ன செய்வோம் என்று மனைவியோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேன்.