குழந்தையின் காதும் கம்பியில்லா ஹெட்போனும்
(சங்கத்தின் பெங்களூர் அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காரியதரிசி எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். கையில் ஒரு ஹெட்போனோடு வந்திருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். பேத்தியிடம் கடன் வாங்கி வந்தது. ஆறு மணிக்கு அவளுக்குப் பாட்டு வகுப்பு. அதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2020 ஜூன் மாதம் நம் கர்நாடக அரசு எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்புகளைத் தடை செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 8-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் மத்திய அரசு 'பிரக்யாதா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம் என்று அதில் சொன்னார்கள். அந்த நாட்களில் வீடுகளில் நடந்த விவாதமெல்லாம் கண்ணைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும்தான். காதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பள்ளிகள் திறந்துவிட்டன, ஆனால் ஹெட்போன் போகவில்லை. கணக்கு டியூஷன், சென்னையிலிருக்கும் குருவிடம் பாட்டு, சனிக்கிழமை ஸ்லோக வகுப்பு எல்லாம் இன்றும் காது வழியாகத்தான் வருகின்றன.

நான் பௌதிகம் படித்தவன், வைத்தியன் அல்ல. ஆகவே சத்தத்தின் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நம் உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் பதினைந்தாயிரம் நுண்ணிய மயிர்ச் செல்கள். பலத்த சத்தத்தில் அவை செத்துப்போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது பொதுவாக 4000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள உயர்ந்த ஸ்தாயி. சாதாரணப் பேச்சின் பலம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. எனவே குழந்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், பதில் சொல்லும், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ச, ஸ, ஷ போன்ற எழுத்துக்கள்தான் மெல்ல மங்கும்.

இப்போது டெசிபல். இது கூட்டல் கணக்கு போலத் தோன்றும் பெருக்கல் கணக்கு. மூன்று டெசிபல் ஏறினால் காதுக்குள் போகும் சக்தி இரட்டிப்பாகிறது. ஆனால் காதுக்கு "கொஞ்சம் கூடினாற்போல" மட்டுமே தெரியும். விஷமம் இங்கேதான்! உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019 பிப்ரவரியில் ஒரு தரநிர்ணயம் வெளியிட்டன. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். மூன்று ஏறினால் நேரம் பாதியாக வேண்டும். 78-க்கு 20 மணி, 81-க்கு 10 மணி, இப்படி.

கடைக்குப் போனால் குழந்தைகள் ஹெட்போன் பெட்டியில் "85 டெசிபலுக்கு மேல் போகாது" என்று பெருமையாகப் போட்டிருக்கும். அந்த 85 எங்கிருந்து வந்தது தெரியுமா? தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் பெரியவருக்கு அமெரிக்காவில் சிபாரிசு செய்த அளவு. 75-க்கும் 85-க்கும் பத்து டெசிபல் வித்தியாசம். சக்தி பத்து மடங்கு. எனவே குழந்தைக்கு வாரம் நான்கு மணி நேரம்தான். சில ஹெட்போன்களில் 75, 85, 94 என்று மூன்று நிலைகள் வைத்து, 94 விமானப் பயணத்துக்கு என்கிறார்கள். அதே கணக்கில் 94-க்கு வாரம் முழுவதற்கும் அரை மணி நேரம். டெல்லி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும்!

என் பேத்தியின் வாரத்தைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு இரண்டு நாள், முக்கால் மணி வீதம், ஒன்றரை மணி. டியூஷன் மூன்று மணி. ஸ்லோக வகுப்பு ஒரு மணி. வீடியோ பார்ப்பது தினம் ஒரு மணி, ஆக ஏழு. மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். இதற்கு அனுமதி ஏறக்குறைய 80 டெசிபல். 85-லேயே முழுநேரமும் கேட்டால் மூன்று மடங்கு அதிகம். 85 என்பது உச்ச வரம்பு, வாத்தியார் மூச்சு விடும்போது சத்தம் இல்லை, ஆகவே சராசரி குறையும் என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். ஆனாலும் உச்சத்திலேயே வைத்துக் கேட்கும் குழந்தைக்கு அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. பெட்டியில் போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2016-இல் அமெரிக்காவில் 30 வகைக் குழந்தை ஹெட்போன்களைச் சோதித்ததில் ஏறக்குறைய பாதி, சொன்ன வரம்பைக் காப்பாற்றவில்லை.

சரி, போனில் வரம்பு வைப்பது எப்படி? சாம்சங் போனில் Settings போய் Sounds and vibration, பிறகு Volume. அங்கே Media volume limit என்று இருக்கும். சில மாடல்களில் மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும். அதைப் போட்டுக் கோட்டை இறக்கி, Set volume limit PIN-இல் ஒரு ரகசிய எண் கொடுத்துவிடலாம். பிறந்த தேதி வேண்டாம், குழந்தைகளுக்கு அதுதான் முதலில் தோன்றும். ஐபோனிலும் ஐபேடிலும் ஒலிக்கான பகுதியில் Headphone Safety. அதில் Reduce Loud Audio. பழைய போனில் Reduce Loud Sounds என்றிருக்கும். 75 முதல் 100 வரை கோடு. 75-இல் வையுங்கள். அதைக் குழந்தை மாற்றாமலிருக்க Screen Time-இல் Content & Privacy Restrictions உள்ளே பூட்டு இருக்கிறது. எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த வசதி இல்லை.

வரம்பு வைத்த பிறகு ஒரு பரீட்சை. போனில் சத்தம் மேல் வரம்பைத் தொட்டு நிற்கும்போது ஹெட்போனிலுள்ள + பொத்தானைப் பலமுறை அழுத்துங்கள். சத்தம் இன்னும் ஏறினால் ஹெட்போனுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. போனின் வரம்பு பாதிக் கதவைத்தான் மூடியிருக்கிறது.

இதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆன்லைன் வகுப்பின் சிக்கல் இனிமேல்தான். ப்ளூடூத் ஹெட்போன் இரண்டு வேஷம் போடும். பாட்டோ வீடியோவோ கேட்கும்போது ஒரு வேஷம், சத்தம் தெளிவாக இருக்கும். வகுப்பில் குழந்தை பேசுவதற்காக ஹெட்போனிலுள்ள மைக் வேலை செய்யத் தொடங்கியதும் அது டெலிபோன் வேஷத்துக்கு மாறிவிடும். இரண்டு திசையிலும் சத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் தரம் இறங்கும். பழைய முறையில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே வராது. புதிய முறையில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை வரும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வாத்தியார் பேசுவது போல இருக்கும்.

இதனால் இரண்டு தீங்கு. ஸ, ஷ தெளிவாக இல்லாததால் குழந்தை சத்தத்தைக் கூட்டும். கூட்டினால் தெளிவு வராது, பலம் மட்டும் வரும். இரண்டாவது, டெலிபோன் வேஷத்தில் ஓடுவது Media அல்ல, Call என்ற தனி அளவு. நீங்கள் ரகசிய எண் போட்டுப் பூட்டியது Media-வை. வீடியோ போட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பீர்கள். வகுப்பில் அந்தப் பூட்டு இல்லை! எந்தப் போனானாலும் வரம்பு நிற்கிறதா என்பதை வகுப்பு நடக்கும்போதே, சத்தத்தை உச்சத்தில் வைத்து, உங்கள் காதில் மாட்டிப் பாருங்கள்.

பரிகாரம் உண்டு. மடிக்கணினியில் வகுப்பு என்றால் ஜூமிலோ மீட்டிலோ Settings-இல் Audio. அங்கே Speaker என்பதில் ஹெட்போனையும், Microphone என்பதில் கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒரே ஹெட்போனின் பெயர் Headphones, Headset என்று இரண்டாகத் தெரிந்தால் Headphones-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெட்போனின் மைக் வேலை செய்யாததால் நல்ல வேஷத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் இதைச் செய்த அன்றே பேத்தி தானாகச் சத்தத்தைக் குறைத்தாள். போனில் இந்தத் தேர்வு எளிதல்ல. அதனால் வரம்பு ஹெட்போனுக்குள்ளேயே இருக்கும்படி, 75 நிலை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. அதையும் கம்பி செருகிக் கேட்டால் சிலவற்றில் வரம்பு போய்விடும். கடையிலேயே கேளுங்கள்.

பாட்டு வகுப்புக்கு இன்னொரு சங்கதி. ஜூம் தொடர்ச்சியான ஓசையை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டும். மின்விசிறியும் தம்பூராவும் அதற்கு ஒன்றுதான்! சுருதி மறைந்து மறைந்து வந்தால் குழந்தை அதைத் தேடி சத்தத்தை ஏற்றும். குருவின் பக்கத்தில் Original sound for musicians என்பதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் தம்பூரா நிற்கும். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம், அவர்களுக்கும் சிஷ்யையின் சுருதி நன்றாகக் கேட்கும்.

இடமும் முக்கியம். வாத்தியார் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருந்தால்தான் குழந்தைக்குச் சிரமமின்றிப் புரியும். கூடத்தில் டி.வி., அடுக்களையில் குக்கர், ஜன்னலுக்கு வெளியே ரிங் ரோடு எல்லாம் சேர்ந்து 65 என்றால் அவள் 80-இல் வைத்துத்தான் கேட்பாள். அறைக் கதவைச் சாத்துவது செலவில்லாத வைத்தியம்.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. குழந்தை ஹெட்போனோடு இருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் சரி. திரும்பாவிட்டால், அல்லது வாத்தியார் குரல் உங்களுக்கே கேட்டால், அதிகம். வெளிச் சத்தத்தை அழிக்கும் வகை ஹெட்போனில் மட்டும் இந்தப் பரீட்சை செல்லாது. வகுப்பு முடிந்து "காதில் ஙொய் என்கிறது" என்றாலோ, பஞ்சு வைத்தாற்போல இருக்கிறது என்றாலோ அலட்சியம் வேண்டாம். காதுக் குறும்பியாகவும் இருக்கலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்வார். இல்லையென்றால் ஆடியோமெட்ரி எடுக்க வேண்டும். நம் பக்கத்திலேயே மைசூர் மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது.

உரை முடிந்ததும் ஒரு மாமி கேட்டார்: "ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் பாதிச் சேதம்தானே?" இல்லை. இரண்டு காதிலும் கேட்கும்போது மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்வதால் குறைந்த சத்தமே போதும். ஒரு காதில் கேட்பவர் அந்தக் குறையை ஈடுகட்ட ஏற்றிவைப்பார், மற்றக் காது அறைச் சத்தத்தையும் உள்ளே விடும். "அப்போ ஹெட்போனே இல்லாமல் ஸ்பீக்கரில் வைத்தால்?" என்றார் அவர். அறை அமைதியாக இருந்து, தாத்தாவும் பாட்டியும் ஏழாம் வாய்ப்பாட்டைச் சேர்ந்து கேட்கத் தயார் என்றால், அதுதான் எல்லாவற்றிலும் நல்லது.