தெளிவில்லாச் சொல்

தந்தையார் கைப்பட எழுதிவைத்த குறிப்பொன்றை மூத்த மகன் படியெடுக்கின்றார் என்று கொள்வோம். கிணற்றுக்கு எத்திசையில் நிற்கும் பனைகள் இளையவனுக்கு உரியன என்பதே அதன் பொருள். ஆனால், திசைச்சொல்லின்மேல் நீர்பட்டு மை பரந்துவிட்டது. ஈற்றிலே "க்கே" என்பது மட்டுமே தெரிகின்றது.

ஆதலின் தெற்கே, மேற்கே என்பன விலகும். அவை "ற்கே" என முடிவன. எஞ்சுவன கிழக்கே, வடக்கே என்னும் இரண்டு. இரண்டிலும் மறைந்த எழுத்துக்கள் இரண்டே. எண்ணிப் பார்த்தும் துணிய இயலாது. இன்று கிழக்கில் மட்டும் பனைகள் நிற்பதும் சான்றாகாது; வடக்கில் நின்றவை தறிக்கப்பட்டிருக்கலாம்.

இந்நிலையில் "கிழக்கே" என்று எழுதிவிட்டால், படியைப் பார்ப்பவருக்கு மை பரந்தமை தெரியாது. மகனின் ஊகம் தந்தையாரின் சொல்லாகிவிடும். மூலம் செல்லரித்தபின் அதனை மறுப்பார் எவர்? வெற்றிடமாக விடுவதும் தவறு. அங்கே சொல்லே இல்லையென்று எண்ணுவர்.

"[இரண்டெழுத்துத் தெளிவில்லை]க்கே" என்று எழுதுவதே முறை. வேண்டுமாயின் "கிழக்கே அல்லது வடக்கே" என அடியிலே தனியாகக் குறிக்கலாம். பின்னர்க் காணி உறுதி ஏதேனும் கிடைப்பின், அவ்விரண்டெழுத்தை அது நிரப்பும்.