ஆச்சிக்கு மூன்று நிமிடம்



யாழ்ப்பாணத்திலே தமிழாசிரியனாக இருப்பவனுக்குப் பாடசாலைக்கு வெளியேயும் ஒரு வேலை உண்டு. ஊரில் யாராவது கண்ணை மூடினால், ஒரு கிழமைக்குள் அந்த வீட்டார் ஒரு கொப்பித் தாளுடன் படலையில் வந்து நிற்பார்கள். "மாஸ்டர், அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேணும். பாட்டு நீங்கள்தான் எழுதித் தர வேணும்" என்பார்கள். இங்கே கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியதன்று. முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறிய அச்சுப் புத்தகம். அதிலே தேவாரம் இருக்கும், வாழ்க்கை வரலாறு இருக்கும், ஆண்டுத் திவசத்துக்கு உதவும் திதி வெண்பா இருக்கும். அதன் பிறகு புலம்பல்கள். மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் பேரப்பிள்ளைகள் புலம்பல்.

இந்தப் பேரப்பிள்ளைகள் புலம்பலை நான் எத்தனையோ வீடுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். ஒரு வீட்டுக்கு எழுதியதை மற்ற வீட்டுக்குக் கொடுத்திருந்தாலும் எவருக்கும் தெரிந்திராது. எல்லா ஆச்சிமாரும் அன்னம் ஊட்டினார்கள், கதை சொன்னார்கள், தெய்வமானார்கள். பெயரைக் கையால் மறைத்துவிட்டு வாசித்தால் எந்த ஆச்சி என்று சொல்ல முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புங்குடுதீவிலே என் சொந்த ஆச்சி, என் அம்மாவைப் பெற்றவர், காலமானார். பேரப்பிள்ளைகள் சார்பில் நான் பேசவேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சை எப்படி ஆக்கினேன் என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில் நேரம். நம்முடைய சைவக் கிரியையில் பேரப்பிள்ளைக்கு ஓர் இடம் உண்டு. நெய்ப்பந்தம் பிடித்து நிற்பது. கையில் ஒளி, வாயில் சொல் இல்லை. ஆகவே பேச்சுக்கு இடத்தை நாமே தேட வேண்டும். கிரியை தொடங்கிவிட்டால் இடையில் புகக் கூடாது. சுடலையிலே பேசலாமே என்றார் ஒரு பெரியவர். பெண்கள் சுடலைக்கு வருவதில்லையே! ஆச்சியோடு அறுபது வருடம் வாழ்ந்த என் அம்மா கேளாத பேச்சு எதற்கு? எனவே கிரியைக்கு முன், வீட்டு முற்றத்தில், பறை ஓய்ந்திருக்கும் சிறு வேளை என்று முடிவாயிற்று. கொளுத்தும் வெயிலில் சனம் நிற்கிறது, குருக்கள் காத்திருக்கிறார். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுப்பது நியாயமில்லை. துக்க வீட்டிலே நாம் மெதுவாகத்தான் பேசுவோம். இடையிலே குரல் நிற்கும். அதற்கும் இடம் விட்டால் இருநூறு சொல் சொச்சந்தான் கையில் மிஞ்சும்.

இருநூறு சொல்லில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஒரு பொருளைச் சொல்லலாம். புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள 112ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்தே அடி. பாரியின் வள்ளன்மை பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அன்றைய மாதத்து நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். நிலவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு துயரம் முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்குக் கிடைத்த பொருள் கிணறு. தீவுப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புங்குடுதீவில் உவர்க் கிணறு பல, நன்னீர்க் கிணறு சில. மழைத் தண்ணீர் நிலத்துக்குள் மெல்லிய படையாக உவர்நீருக்கு மேலே நிற்கிறது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். எங்கள் வளவில் இருந்தது நல்ல தண்ணீர்க் கிணறு. அதை ஆச்சி காத்தது போல ஒருவர் நகைப்பெட்டியைக் காத்திருக்க மாட்டார்.

ஆனால் நேயர்களே, அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசினால் ஒன்றை மறைக்க முடியாது. ஆச்சி எல்லோரையும் அதில் அள்ள விட்டதில்லை. எழுத்தாளர் மு. தளையசிங்கம் எங்கள் ஊரவர். 1971இல் கண்ணகை அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் அள்ள வேண்டும் என்று சத்தியாக்கிரகம் செய்தவர்; 1973இல் காலமானார். அந்த நாட்களைப் பற்றி ஒருமுறை ஆச்சியிடம் கேட்டேன். "அது பழங்கதை" என்று எழுந்து போய்விட்டார்.

என் முதற் பிரதியில் "ஆச்சியிடம் சாதி வேற்றுமை பார்க்கும் குறை இருந்தது, ஆனால் அது அந்தக் காலத்து வழக்கம்" என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது இரண்டு பிழை தெரிந்தது. முன் பாதி தீர்ப்பு; தீர்ப்புச் சொல்லப் பேரன் யார்? பின் பாதி சாட்டு. "ஆனால்" என்ற சொல் வந்த உடனே உண்மை நழுவிவிட்டது. இரண்டையும் வெட்டிவிட்டு நான் கண்ணால் கண்ட செயலை மாத்திரம் எழுதினேன்.

அதற்குப் பிறகும் ஒரு தடை. அந்த முற்றத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒருவரின் மகன் மரண வீட்டுக்கு வருவார். அவரைக் கேளாமல் நான் சொன்னால், என் மனச்சாட்சியைக் கழுவுவதற்காக அவருடைய தகப்பனை மறுபடியும் அதே முற்றத்தில் நிறுத்தியவனாவேன். காலையிலேயே அவரிடம் போனேன். தாளை வாங்கி வாசித்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லுங்கோ மாஸ்டர். ஐயாவின்ர பேரை மட்டும் சொல்லாதேங்கோ. அவர் என்ன வேலை செய்தவர் எண்டும் வேண்டாம்" என்றார். அந்த இரண்டையும் அங்கேயே அடித்துவிட்டேன்.

குறையைக் கடைசியில் வைத்தால் சனம் அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகும். தொடக்கத்தில் வைத்தால் மற்றது காதில் ஏறாது. நடுவில் வைத்தேன். குரல் அடைத்தால் வாசித்து முடிக்கும்படி தங்கையிடம் இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். அன்று வாசித்தது இதுதான்:

"எங்கட ஆச்சிக்கு நாள் தொடங்கிறது கிணத்தடியில. விடிய முதல் வாளித் தண்ணியை அள்ளி, ஒரு வாய் குடிச்சுப் பார்ப்பா. கோடையில் உப்புக் கரிச்சால், அண்டைக்கு வீட்டில ஒருத்தருக்கும் குளிப்பில்லை. சமையலுக்கு இத்தனை வாளி, குடிக்க இத்தனை வாளி எண்டு எண்ணுவா. நாங்கள் களவாக ஒரு வாளி அள்ளினாலும், கயிற்றின்ர ஈரத்தைப் பார்த்துப் பிடிச்சுப்போடுவா. அவவின்ர ஏச்சுக்குப் பயந்துதான் எங்கட கிணறு உவராகாமல் கிடந்தது எண்டு அப்பு சொல்லுறவர்.

அந்தக் கயிற்றை ஆச்சி சிலரைத் தொட விடேல்லை. அவையள் கிணத்துக்கு இங்கால நிப்பினம். ஆச்சி அள்ளி, உயரத்தில இருந்து அவையின்ர கையில ஊத்துவா. சின்ன வயதில நான் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறன். நானும் ஒண்டும் கேட்கேல்லை.

1991இல ஊரை விட்டுப் போனம். 1995 இடப்பெயர்வில, தென்மராட்சியில ஒரு வீட்டு வளவில இருந்தம். அந்த வீட்டுக்காரர் எங்களைக் கிணத்தில அள்ள விடேல்லை. அவையே அள்ளி ஊத்த, ஆச்சி குடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அண்டைக்கு இரவு அவ சாப்பிடேல்லை. ஏன் எண்டும் சொல்லேல்லை.

2010இல திரும்பி வந்து, கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்கினம். புதுக் கயிறும் வாளியும் வாங்கிவரச் சொன்னா. முந்தி இரவில வாளியை உள்ளே எடுத்து வைக்கிற ஆச்சி, அதுக்குப் பிறகு எடுத்து வைக்கேல்லை. வாளி கிணத்துக்கட்டிலேயே கிடக்கும். ஆரும் வந்து அள்ளினவை. ஆச்சி மாறிப்போனா எண்டு நான் சொல்லமாட்டன். அவ வாய் திறந்து சொல்லேல்லை. வாளி வெளியில கிடந்தது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

ஆச்சி, இண்டைக்கு விடிய நான் ஒரு வாய் குடிச்சுப் பார்த்தனான். தண்ணி நல்லாயிருக்கு."

கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஆகவில்லை. குரல் ஓரிடத்தில் நின்றது. ஊரார் முன்னே குறை சொல்லும் இடத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்தேன், அங்கே நிற்கவில்லை. "அவ சாப்பிடேல்லை" என்ற இடத்தில் நின்றது. தங்கை அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். என் மாமா ஒருவர் எட்டுச் செலவு வரை என்னோடு பேசவில்லை. "செத்த வீட்டில் சொல்லுற கதையா இது?" என்று மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாயை இழந்த மகனுக்குப் புகழுரை ஒரு போர்வை. அதை இழுக்கும்போது குளிரத்தான் செய்யும். அம்மா மட்டும், "அந்தக் குடத்தை நான் மறந்துபோனன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தோம். புலம்பல் எழுதாமல் இந்தப் பேச்சையே போடலாம் என்றேன். வீட்டார் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. கயிற்றைத் தொட விடாத அந்தப் பகுதி அச்சில் வரக் கூடாது. கனடாவுக்கும் இலண்டனுக்கும் போகிற புத்தகம் என்றார்கள். வாதாடிப் பார்த்தேன், பின்பு இணங்கினேன். ஆகவே எங்கள் ஆச்சியின் கல்வெட்டிலே, வாளி ஏன் வெளியே கிடந்தது என்பது வாசிப்பவருக்கு விளங்காது. ஏதோ ஒரு கிழவி மறதியாக விட்ட வாளி என்றே எண்ணுவார்கள்.

இந்த வானொலிப் பேச்சுக்கு அழைப்பு வந்ததும், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றவரிடம் மறுபடியும் போனேன். "அச்சில வந்ததோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்ப ரேடியோவில சொல்லுங்கோ" என்றார்.

சொல்லிவிட்டேன்.